எட்டாம் கிராஸும் மூன்றாம் கிராஸும்

கூரியர் பார்சலின் மேல் ஒட்டப்பட்ட சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து, அதிலுள்ள முகவரி, எடை, தடமறி எண், கையாளும் குறிப்பு ஆகிய நான்கையும் கணினியே படித்துத் தருமாறு செய்வது இன்று ஒரு பருவத் திட்டப்பணிக்குள் முடிந்துவிடும் வேலையாகக் கருதப்படுகிறது. அச்செழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நூறு படங்களைக் கொடுத்து, எத்தனை எழுத்துகள் சரியாக வந்தன என்று எண்ணி, ஒரு விழுக்காட்டை எழுதினால் அறிக்கை நிறைவு பெறுகிறது. அந்த விழுக்காடு தவறான அளவுகோல் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு சீட்டில் 120 எழுத்துகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் ஒன்று மட்டும் பிழையாகப் படிக்கப்பட்டால் துல்லியம் 99 விழுக்காட்டைத் தாண்டும். அந்த ஒன்று பெறுநரின் பெயரில் உள்ள ஓர் எழுத்தானால் பெரும்பாலும் எதுவும் நேராது. அதுவே பெங்களூரு முகவரியின் தெரு எண்ணானால் பார்சல் வேறொரு வீட்டுக்குப் போய்ச் சேரும். இரண்டையும் ஒரே மதிப்பெண்ணால் அளக்கும் அறிக்கை, படிப்பவருக்கு வேண்டிய செய்தியைத் தருவதில்லை. எந்த எழுத்து பிழையானால் அது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும், எது காட்டிக்கொடுக்காமல் ஒளிந்துகொள்ளும் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இக்கேள்வியை அஞ்சல் துறையினர் முன்பே எதிர்கொண்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றில் பெங்களூருவுக்கும் ஓர் இடமுண்டு. இந்திய அறிவியல் கழகத்தில் 1970இல் பொறியியல் பட்டம் பெற்ற சர்கூர் ஸ்ரீஹரி, பின்னர் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் சீடார் என்னும் ஆவண ஆய்வு மையத்தை நிறுவினார். அமெரிக்க அஞ்சல் துறையின் ஆதரவுடன் அங்கு நடந்த ஆய்வே, கையால் எழுதப்பட்ட முகவரிகளைக் கணினி படிக்கும் முறையை 1990களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கையெழுத்தை எழுத்தெழுத்தாகப் படிக்க அக்காலக் கணினிகளால் இயலவில்லை. இன்றும் அது எளிதன்று. ஆயினும் உறைகள் உரிய வாசலுக்குச் சென்று சேர்ந்தன. அதற்குக் காரணம், அந்த முறை எழுத்துகளை மட்டும் நம்பியிருக்கவில்லை.

அது முதலில் உறையின் படத்தில் அஞ்சல் குறியீட்டெண்ணைத் தேடிப் படித்தது. அடுத்து வீட்டு எண்ணைப் படித்தது. நாட்டிலுள்ள விநியோக முகவரிகள் அனைத்தும் அடங்கிய பட்டியல் அஞ்சல் துறையிடம் இருந்தது. அந்தக் குறியீட்டெண்ணுக்குள் அந்த வீட்டு எண் உள்ள தெருக்கள் எவை என்று பட்டியலைக் கேட்டால் சில பெயர்களே விடையாக வரும். அதன் பிறகு, கிறுக்கலாக எழுதப்பட்ட தெருப்பெயர் எது என்று கணினி திண்டாட வேண்டியதில்லை. இந்தச் சில பெயர்களுள் இக்கிறுக்கலுக்கு மிக அருகில் இருப்பது எது என்று மட்டும் பார்த்தால் போதும். முதலிடம் பெற்ற பெயருக்கும் இரண்டாமிடம் பெற்ற பெயருக்கும் போதிய இடைவெளி இல்லையென்றால், அது விடை சொல்லாமல் விலகிக்கொள்ளும். அவ்வாறு விலக்கப்பட்ட உறைகளின் படங்கள் தொலைவிலுள்ள மையங்களுக்கு அனுப்பப்பட்டன. அங்கே அமர்ந்திருந்த மனிதர்கள் திரையைப் பார்த்து முகவரியைத் தட்டச்சு செய்தார்கள். ஒரு காலத்தில் ஐம்பதைத் தாண்டியிருந்த அம்மையங்கள், கணினியின் திறன் வளர வளர ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. தெருப்பெயரைக் குறியீட்டெண்ணும் வீட்டு எண்ணும் சேர்ந்து சரிபார்த்தன என்பது ஒன்று. ஐயம் ஏற்பட்டபோது விடை சொல்லாமல் இருக்கும் உரிமை கணினிக்குத் தரப்பட்டிருந்தது என்பது மற்றொன்று. இன்றைய மாணவர் திட்டங்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போவன இவ்விரண்டுமே.

பெங்களூருவின் பழைய குடியிருப்புப் பகுதிகளுக்கு இம்முறையை அப்படியே கொண்டுவந்தால் ஓர் இடத்தில் தடுக்கிவிழும். அங்கே தெருவின் பெயர் பெரும்பாலும் ஓர் எண்தான். கிராஸ், மெயின், பிளாக், ஸ்டேஜ் என்னும் நான்கு சொற்களும் அவற்றுக்கு முன் வரும் எண்களுமே முகவரியின் எலும்புக்கூடு. சொற்களால் ஆன தெருப்பெயரில் ஓரெழுத்து மங்கினாலும் மற்ற எழுத்துகள் அதைத் தாங்கிப் பிடிக்கும். காந்தி என்பதில் ஒன்று அழிந்தாலும் அது நேருவாகப் படிக்கப்படாது. ஆனால் எட்டாம் கிராஸில் ஒரு கோடு அழிந்தால் அது மூன்றாம் கிராஸ் ஆகிவிடும். அந்த மூன்றாம் கிராஸும் அதே பகுதியில் உண்மையாகவே இருக்கும். பட்டியலைக் கேட்டால் 'உண்டு' என்றே விடை வரும். பிழையைப் பிடிக்க வேண்டிய பட்டியலே பிழைக்குச் சான்றளித்துவிடுகிறது.

ஜெயநகர் இதற்கு இன்னும் கூர்மையான சான்று. அங்கே 4ஆவது பிளாக்கும் உண்டு, 4ஆவது 'டி' பிளாக்கும் உண்டு. எண்ணுக்கும் பிளாக் என்னும் சொல்லுக்கும் இடையே தனித்து நிற்கும் அந்த ஒற்றை எழுத்தை எழுத்துணரி அழுக்கு என்று கருதி விட்டுவிட்டாலும், அல்லது திட்டம் எழுதியவர் ஒற்றை எழுத்துகளைக் களைந்துவிடும் வரி ஒன்றைத் தம் நிரலில் சேர்த்திருந்தாலும், எஞ்சுவது குறையற்ற ஒரு முகவரியே. ஆனால் அது வேறோர் இடத்தின் முகவரி.

ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு இதை முழுமையாகப் பார்க்கலாம். சீட்டு கற்பனையே, அதிலுள்ள இடங்கள் உண்மையானவை. பார்சல் மல்லேஸ்வரம் எட்டாம் கிராஸில் உள்ள ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். குறியீட்டெண் 560003. எடை 1.80 கிலோ என்று அச்சாகியிருக்கிறது. தடமறி எண் EK473126586IN. ஓரத்தில் மேல்நோக்கிய இரண்டு அம்புகளும் ஒரு கண்ணாடிக் கிண்ணமும் உள்ளன. வாயிற்காவலர் ஒருவர் மாலை வெளிச்சத்தில் இதைப் படமெடுத்திருக்கிறார்.

முதலில் குறியீட்டெண்ணைப் பார்ப்போம். இந்த ஆறு இலக்க முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. இதை வகுத்தவர் மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் பொறுப்பில் இருந்தவரும் வடமொழிக் கவிஞருமான ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். முதல் இலக்கம் மண்டலத்தையும், முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து பிரிப்பு மாவட்டத்தையும், கடைசி மூன்றும் அஞ்சலகத்தையும் குறிக்கும். ஆறும் இடத்தைச் சொல்லவே செலவாகிவிடுவதால், எண் சரியாகப் படிக்கப்பட்டதா என்று சொல்ல ஓர் இலக்கமும் மிஞ்சவில்லை. நம் படத்தில் கடைசி இலக்கமான 3 மங்கி 8 ஆகப் படிக்கப்பட்டால் 560008 வரும். அது அல்சூர்ப் பக்கத்து எண். முற்றிலும் செல்லுபடியாகும் எண். ஆனால் சீட்டில் மல்லேஸ்வரம் என்ற பெயரும் இருக்கிறது. பெயரும் எண்ணும் முரண்படுவதால் ஏதோ ஒன்று பிழை என்று தெரிந்துவிடுகிறது. குறியீட்டெண்ணுக்குச் சரிபார்ப்பு அதற்குள்ளேயே இல்லை. பக்கத்திலுள்ள ஊர்ப்பகுதியின் பெயரில் இருக்கிறது. அதனால் அவ்விரண்டையும் தனித்தனியே படித்து, தனித்தனியே வைத்திருந்து, பிறகு ஒப்பிட வேண்டும். எண்ணைப் படித்த கையோடு அதிலிருந்தே பகுதியின் பெயரை நிரப்பிவிடும் நிரல், இருந்த ஒரே சாட்சியையும் அழித்துவிடுகிறது.

இனி எட்டாம் கிராஸ். கூரியர் சீட்டுகள் பெரும்பாலும் வெப்ப அச்சில் வருபவை. அச்சுத்தலையில் நெருக்கமாக அடுக்கப்பட்ட நுண் வெப்பப்புள்ளிகள் இருக்கும். பரவலாகப் பயன்படும் கருவிகளில் மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளிகள். அடுத்தடுத்த சில புள்ளிகள் பழுதானாலோ, அவற்றின் மேல் பசைத்துகள் படிந்தாலோ, தாள் நகரும் திசையில் சீட்டின் தலையிலிருந்து அடிவரை ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோடு 8 என்னும் இலக்கத்தின் இடப்புறத்தைத் தின்றுவிட்டால் எஞ்சுவது 3. எழுத்துணரி அதைத் தயக்கமின்றி 3 என்றே படிக்கும். அது தரும் நம்பிக்கை மதிப்பும் உயர்வாகவே இருக்கும். ஏனெனில் படத்தில் உள்ளது தெளிவான, கூர்மையான 3தான். பழுது ஒளிப்படத்தில் இல்லை, அச்சில் இருக்கிறது. 'நம்பிக்கை குறைந்தவற்றை மட்டும் மனிதரிடம் அனுப்பு' என்னும் வழக்கமான விதி இங்கே உதவாது.

ஆனால் கண் பழகியவர் இதைக் கண்டுபிடிக்கலாம். வெள்ளைக் கோடு ஓர் இலக்கத்தோடு நிற்பதில்லை. அதே நேர்க்கோட்டில் மேலும் கீழும் உள்ள வரிகளிலும் எழுத்துகள் அரிபட்டிருக்கும். பட்டைக்குறி அந்த வழியில் இருந்தால் அதிலும் ஒரு கீறல் தெரியும். எனவே ஐயத்துக்குரிய இலக்கத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது பயனற்றது. சீட்டு முழுவதையும் பார்த்து, அந்தச் செங்குத்து வழியில் வேறு சேதம் உண்டா என்று தேட வேண்டும். உண்டென்றால், அந்த வழியில் உள்ள ஒவ்வொரு 3, 8, 0, 6 ஆகியவையும் படிக்கப்படாதவை என்றே குறிக்கப்பட வேண்டும்.

தடமறி எண்ணுக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. விரைவு அஞ்சல் போன்றவற்றில் உள்ள பதின்மூன்று குறிகள் கொண்ட எண், உலக அஞ்சல் ஒன்றியத்தின் எஸ்10 தரப்படி அமைந்தது. முதல் இரண்டு எழுத்துகள் சேவையின் வகையைக் குறிக்கும். பின் எட்டு இலக்கங்கள் வரிசை எண். ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். கடைசி இரண்டு எழுத்துகள் நாடு. சரிபார்ப்பு இலக்கத்தைக் கணக்கிட, எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழிக்க வேண்டும். விடை 10 ஆனால் 0 என்றும், 11 ஆனால் 5 என்றும் எழுத வேண்டும். நம் சீட்டில்:

```
4×8 + 7×6 + 3×4 + 1×2 + 2×3 + 6×5 + 5×9 + 8×7 = 225
225 = 11×20 + 5
11 − 5 = 6
```

சீட்டில் ஒன்பதாவது இலக்கமும் 6. ஆகவே எண் பொருந்துகிறது. மூன்றாவது இலக்கமான 3ஐ எழுத்துணரி 8 என்று படித்திருந்தால் கூட்டுத்தொகை 245 ஆகியிருக்கும், மீதி 3, வர வேண்டிய சரிபார்ப்பு இலக்கம் 8. சீட்டில் இருப்பதோ 6. பிழை உடனே வெளிப்பட்டுவிடும். தெருவின் எண்ணில் ஒளிந்துகொள்ளும் அதே 3க்கும் 8க்கும் இடையிலான குழப்பம் இங்கே ஒளிய முடியாது.

இந்தக் காவலுக்கும் ஓட்டைகள் உண்டு. அவற்றை அறியாமல் நம்பக் கூடாது. முதலாவது, முன்னும் பின்னும் உள்ள எழுத்துகள் கணக்கில் சேர்வதில்லை. EK என்பது ER என்று படிக்கப்பட்டாலும் கணக்கு சரியாகவே வரும். இரண்டாவது, மீதி 0 ஆனாலும் 6 ஆனாலும் சரிபார்ப்பு இலக்கம் 5தான். எனவே 5இல் முடியும் எண்களில் மட்டும் ஓர் இலக்கப் பிழை சில வேளை தப்பிவிடும். மூன்றாவதே மிக முக்கியமானது. அது எண்ணின் குறையன்று, பயன்படுத்துவோரின் குறை. கணக்கு பொருந்தவில்லை என்றவுடன், ஐயத்துக்குரிய இலக்கங்களை மாற்றி மாற்றிப் போட்டு, பொருந்தும் வரை முயலும் நிரல்கள் எழுதப்படுகின்றன. தற்செயலாக எடுத்த ஓர் எண் இக்கணக்கில் தேறுவதற்கான வாய்ப்பே ஏறத்தாழ பத்தில் ஒன்று. இருபது மாற்றங்களை முயன்றால் ஏதேனும் ஒன்று பொருந்திவிடும். அப்போது பொருத்தம் எதையும் மெய்ப்பிப்பதில்லை. சரிபார்ப்பு இலக்கம் பிழையைக் காட்டுவதற்கு உரியது. விடையை ஊகிப்பதற்கு உரியது அன்று.

தனியார் கூரியர்களின் எண்கள் பல வடிவங்களில் வருகின்றன. அவற்றின் உள்ளமைப்பு பொதுவெளியில் தெரியாதபோது இக்கணக்கைப் போட வழியில்லை. அங்கே அச்சான இலக்கங்களைவிட அவற்றின் மேலுள்ள பட்டைக்குறியே நம்பத்தக்கது. சீட்டுகளில் பெரிதும் காணப்படும் கோடு 128 வகைப் பட்டைக்குறியில், கண்ணுக்குத் தெரியும் எண்ணில் இல்லாத ஒரு சரிபார்ப்புக் குறி பட்டைகளுக்குள்ளேயே இருக்கிறது. பட்டைகள் படிக்கப்படவில்லை என்றால் விடையே வராது. தவறான விடை வருவது மிக அரிது. இங்கே படமெடுக்கும் விதமும் கணக்கில் வரும். பட்டைகள் செங்குத்தாக நிற்கும்போது கைப்பேசி மேலும் கீழும் அசைந்தால் பட்டைகள் சற்று நீளும், படிப்பதற்குக் கேடில்லை. பக்கவாட்டில் அசைந்தால் பட்டையும் இடைவெளியும் கலந்து எல்லாம் போய்விடும். ஒட்டுநாடா ஒட்டிய சீட்டில் கைப்பேசியின் விளக்கு பட்டால் நடுவே வெள்ளைத் திட்டு விழும். விளக்கை அணைத்து, சற்றுச் சாய்வாக எடுத்தால் அது விலகும்.

எடை எளியதாகத் தோன்றும். ஆனால் அங்கே படிப்புப் பிழையைவிடப் பொருட்பிழை மிகுதி. சீட்டில் 1.80 கிலோ என்றிருந்தால் அது தராசு காட்டிய எடை என்று எண்ணிவிடக் கூடாது. வான்வழிக் கூரியர்களில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்துக் கிடைப்பதைப் பருமன்வழி எடை என்று கொள்வது பரவலான வழக்கம். உண்மை எடை, பருமன்வழி எடை இரண்டில் எது மிகுதியோ அதற்கே கட்டணம். 30, 20, 15 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டிக்கு அது 9000ஐ 5000ஆல் வகுத்த 1.8 கிலோ. உள்ளே இருப்பது முக்கால் கிலோ பொம்மையாகவும் இருக்கலாம். சீட்டுகளிலிருந்து எடைகளைத் திரட்டி, வண்டியில் எவ்வளவு ஏற்றலாம் என்று கணக்கிடும் ஆய்வு, எந்த எடை என்று பிரித்தறியாவிட்டால் தொடக்கத்திலேயே வழுக்கிவிடும். பெட்டியின் அளவும் சீட்டில் அச்சாகியிருந்தால் அதுவே இதற்குச் சாட்சி. புள்ளி மங்கி 180 என்று வந்தால் பெட்டியின் அளவே அதை மறுக்கும். அளவு அச்சாகாத சீட்டில், எண்ணோடு 'வகை தெரியவில்லை' என்றும் எழுதிவைப்பதே நேர்மை.

கையாளும் குறிப்பு எழுத்தில் இல்லை, படத்தில் இருக்கிறது. மேல்நோக்கிய இரு அம்புகள், கிண்ணம், குடை ஆகியவை ஐஎஸ்ஓ 780 என்னும் தரத்தின்படி அமைந்த குறிகள். முறையே, இப்பக்கம் மேலே, எளிதில் உடையும், நனையாமல் வை என்பன அவற்றின் பொருள். எழுத்துணரி இவற்றைக் கண்டுகொள்ளாது; அதனால் தனியே பயிற்றப்பட்ட படமறி நிரல் வேண்டும். அதைச் சேர்த்த பின்னும் இரண்டு சிக்கல்கள் எஞ்சும். எழுத்து நேராக வரும்படி படத்தைச் சுழற்றுவது எல்லா நிரல்களும் செய்யும் முதல் வேலை. சீட்டு பெட்டியின் மேல் பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருந்தால், சுழற்றிய பின் அம்பு மேலே பார்க்கும். ஆனால் அது சீட்டின் மேல்புறம், பெட்டியின் மேல்புறம் அன்று. பெட்டியின் விளிம்புகளும் படத்தில் இருந்தால்தான் அம்பு எதைக் காட்டுகிறது என்று சொல்ல முடியும். மற்றொன்று, குறி இல்லாமையைப் பற்றியது. சீட்டுள்ள பக்கத்தில் எக்குறியும் இல்லையென்றால் 'கையாளும் குறிப்பு இல்லை' என்று பதிவிடுகிறார்கள். லித்தியம் மின்கலத்துக்கான சிவப்பு வரிக்கரை கொண்ட குறி பெட்டியின் வேறொரு பக்கத்தில் இருக்கக்கூடும். 'இப்படத்தில் காணப்படவில்லை' என்பதே ஓர் ஒளிப்படம் சொல்லக்கூடிய உச்சம்.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால் வேலையின் வரிசை தெளிவாகிறது. பட்டைக்குறியை முதலில் படிக்க வேண்டும். தடமறி எண்ணைக் கணக்கால் சரிபார்க்க வேண்டும். அந்த எண்ணைக் கொண்டு, பதிவு செய்தபோது தட்டச்சான முகவரியை நிறுவனத்தின் பதிவிலிருந்தே பெற இயலுமானால், அதுவே முகவரி. படத்திலிருந்து படித்தது அதற்கு ஒப்புநோக்கு மட்டும். அடுக்குமாடி வாயிலிலும் கல்லூரி விடுதியிலும் அந்தப் பதிவு கிடைக்காது. அங்கே பகுதியின் பெயரும் குறியீட்டெண்ணும் ஒன்றையொன்று காக்கும். கிராஸ் எண்ணையும் மெயின் எண்ணையும் எது காக்கும்?

அதற்கு விடை இந்திய முகவரிக்குள்ளேயே இருக்கிறது. 'கோயிலுக்கு எதிரில்', 'பள்ளிக்குப் பின்புறம்' என்று எழுதப்படும் அடையாள வரியை, முகவரியைச் சீர்படுத்தும் நிரல்கள் பலவும் குப்பை என்று ஒதுக்குகின்றன. அதற்கென்று ஒரு வடிவம் இல்லை, எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும், பட்டியலில் அகப்படாது. ஆயினும் தெரு எண் மாறிவிட்டதா என்று சொல்லக்கூடிய ஒரே சான்று பல சீட்டுகளில் அதுதான். தடமறி எண்ணுக்கு ஒன்பதாவது இலக்கம் செய்யும் பணியை முகவரிக்கு அடையாள வரி செய்கிறது. எல்லா அடையாளங்களும் அதைச் செய்யா என்பதும் உண்மை. மல்லேஸ்வரத்தில் 'சம்பிகே சாலை அருகில்' என்று எழுதினால் பயன் குறைவு; அச்சாலை பல கிராஸ்களை வெட்டிச் செல்கிறது. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் ஒரு கோயிலோ பள்ளியோ எட்டாம் கிராஸை மூன்றாம் கிராஸிலிருந்து பிரித்துக் காட்டும். இந்த வரியைக் களையாமல் காத்து, எண்ணோடு ஒப்பிடும் முறையை வகுப்பது, எழுத்துத் துல்லியத்தை இன்னும் அரை விழுக்காடு உயர்த்துவதைவிடப் பயனுள்ள ஆய்வு.

புதிய குறியீடுகள் வந்தால் இச்சிக்கல் தானே தீரும் என்று சிலர் வாதிடலாம். அஞ்சல் துறை 2025இல் வெளியிட்ட டிஜிபின், நாட்டை ஏறத்தாழ நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பத்துக் குறிகளால் சுட்டுகிறது. 0, 1 போன்ற குழப்பும் குறிகள் அதில் தவிர்க்கப்பட்டிருக்கின்றன. ஆனால் 3, 8 இரண்டும் இருக்கின்றன. 5, 6 இரண்டும் இருக்கின்றன. ஒவ்வொரு குறியும் கட்டத்தைப் பதினாறாகப் பிரிப்பதால் பத்தும் இடத்துக்கே செலவாகிவிடுகின்றன. குறியீட்டெண்ணைப் போலவே இங்கும் சரிபார்ப்புக்கு ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை. கடைசிக் குறி பிழையானால் பக்கத்துக் கட்டம். நடுக்குறி பிழையானால் வேறு பகுதி. முதற்குறி பிழையானால் வேறு மாநிலம். சீட்டில் அச்சாகி, ஒளிப்படமாகிப் படிக்கப்படும் வரை, அதற்கும் பக்கத்தில் ஓர் ஊர்ப்பெயர் வேண்டும்.

இன்னொரு வாதமும் உண்டு. பார்சல் கொண்டுவருபவர் தொலைபேசியில் கேட்டுக்கொள்வார். பிழை வாசலில் திருத்தப்படும். இவ்வளவு கவலை எதற்கு என்பது. தொலைபேசி எண்ணும் சரிபார்ப்பு இலக்கம் இல்லாத பத்து இலக்கங்கள்தான் என்பதை ஒருபுறம் வைப்போம். அந்தத் திருத்தத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்பதே கேள்வி. விநியோகித்த பார்சலுக்கு மட்டும் கூலி பெறும் இளைஞர், மூன்றாம் கிராஸில் வீடு தேடி, அழைத்து, திரும்பி, எட்டாம் கிராஸுக்குப் போகும் நேரத்துக்கு அவருக்கு ஊதியம் இல்லை. படிப்பு நிரலின் ஒளிந்த பிழை அறிக்கையில் தெரிவதில்லை. அவருடைய நாளில் தெரிகிறது. பழைய அஞ்சல் முறையில், கணினி விலகிக்கொண்டபோது அந்த வேலையைச் செய்ய ஊதியம் பெற்ற மனிதர்கள் திரைக்கு முன் இருந்தார்கள். இன்று கணினி விலகிக்கொள்வதும் இல்லை, அந்த மனிதர்களும் இல்லை.

ஆகவே இத்தகைய திட்டங்களை மதிப்பிடும் ஆசிரியர்கள் ஒரு விழுக்காட்டுக்குப் பதிலாக மூன்று எண்களைக் கேட்கலாம். எத்தனை சீட்டுகளில் நான்கு செய்திகளும் சரியாகப் படிக்கப்பட்டன. எத்தனையில் நிரல் 'தெரியவில்லை' என்று விலகியது. எத்தனையில் பிழையான விடையைத் தயங்காமல் தந்தது. மூன்றாவது எண்ணைக் குறைப்பதற்காக இரண்டாவது எண் உயர்ந்தால் அத்திட்டத்துக்கு மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. தெரு எண்ணின் கட்டத்தை வெறுமையாக விட்ட நிரல் ஒரு மனிதரைச் சீட்டைப் பார்க்கச் செய்கிறது. அதே கட்டத்தில் 3 என்று நிரப்பிய நிரல் ஒரு மனிதரை மூன்றாம் கிராஸுக்கு அனுப்புகிறது.